ஃபில்டர் பப்பிள், எக்கோ சேம்பர் பற்றி ஐந்து நிமிட உரை: வரைவைப் பார்த்துச் சொல்லுங்கள்

செம்பருத்தி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த வாரம் முதலாமாண்டு பி.காம். மாணவர்களுக்கு ஃபில்டர் பப்பிள், எக்கோ சேம்பர் பற்றிப் பேச வேண்டும். எனக்குக் கொடுத்திருப்பது சரியாக ஐந்து நிமிடம். எனக்குப் பிறகு இன்னொருவர் பேசுவதால் மணி அடித்துவிடுவார்கள்.

வரைவின் தொடக்கம் இது:

"மாணவர்களே, உங்கள் கையில் இருக்கும் ஃபோன் உங்களைச் சிறை வைத்திருக்கிறது. நீங்கள் லைக் போட்டதையே அது திரும்பத் திரும்பக் காட்டுகிறது. மாற்றுக் கருத்து உங்கள் கண்ணில் படுவதே இல்லை. இதற்கு ஃபில்டர் பப்பிள் என்று பெயர். இதையே எக்கோ சேம்பர் என்றும் சொல்வார்கள். 2011இல் ஈலை பாரிசர் என்ற அமெரிக்கர் இதைக் கண்டுபிடித்தார்…"

இதற்குப் பிறகு மூன்று பத்தி அல்காரிதம் பற்றி. கடைசியில் "மாற்றுக் கருத்துள்ளவர்களைப் பின்தொடருங்கள்" என்று முடித்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் ஏழு நிமிடம் வருகிறது. எதை வெட்டுவது?

---

கணினிக்கனி

அக்கா, இது ரொம்ப ஈஸி. யூட்யூபில் அக்கவுண்ட் படத்தைத் தொட்டு, வாட்ச் ஹிஸ்டரியை அழித்துவிட்டு ஆஃப் பண்ணுங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து அப்படிச் செய்தால் முகப்புப் பக்கம் வெறுமையாகத்தான் வரும், ஒரு வீடியோகூடப் பரிந்துரைக்காது. ஃபேஸ்புக்கில் மெனுவுக்குள் ஃபீட்ஸ் என்று இருக்கிறது. அதற்குள் போனால் வரிசை மாறாமல் புதியது மேலே வரும். பப்பிள் காலி.

---

செம்பருத்தி

நன்றி தம்பி. நான் கேட்டது எப்படி அணைப்பது என்று இல்லை, வகுப்பில் எப்படிச் சொல்வது என்று. ஆனால் அந்த வெறும் முகப்புப் பக்கத்தைத் திரையில் ஒரு நொடி காட்டலாம் என்று தோன்றுகிறது.

---

தரவுக்காரன்

வரைவில் ஒரு வரியைக் கட்டாயம் எடுங்கள்: "இதையே எக்கோ சேம்பர் என்றும் சொல்வார்கள்." இரண்டும் ஒன்றில்லை. ஐந்து நிமிடத்தில் மாணவர்கள் ஒன்றே ஒன்றைக் கொண்டுபோக வேண்டுமென்றால் அது இந்த வித்தியாசமாக இருக்கட்டும்.

ஃபில்டர் பப்பிள் என்ற குமிழிக்குள் இருப்பவனுக்கு மறுதரப்பின் குரல் வந்து சேர்வதில்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு தடுத்திருக்க வேண்டியதில்லை, நண்பர்கள் ஒரே மாதிரி ஆட்களாக இருந்தாலே போதும். எக்கோ சேம்பருக்குள் இருப்பவனுக்கு அந்தக் குரல் நன்றாகவே கேட்கிறது. ஆனால் "அவன் பேச்சை நம்பாதே, அவன் விலைபோனவன்" என்று அவனுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள். தி நுயென் என்ற தத்துவ ஆசிரியர் 2020இல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாகப் பிரித்தார். முதலாமவனுக்குத் தகவல் போதும். இரண்டாமவனிடம் தகவலைக் கொண்டுபோனால், "பார்த்தாயா, இப்படித்தான் சொல்வார்கள் என்று அப்போதே சொன்னோமே" என்று இன்னும் இறுகிப்போவான்.

பாரிசரையும் கொஞ்சம் அளவோடு சொல்லுங்கள். அந்தப் பெயரை வைத்துப் பரப்பியவர் அவர், சரி. ஆனால் அவர் காட்டிய பிரபலமான உதாரணம், இரண்டு நண்பர்களை கூகிளில் எகிப்து என்று தேடச் சொல்லி இரண்டு திரையையும் பக்கத்தில் வைத்தது. ஒருவருக்குப் போராட்டச் செய்தி வந்தது, இன்னொருவருக்கு வரவில்லை. இரண்டே பேர். அதை வைத்து எல்லோரும் சிறையில் இருக்கிறோம் என்று சொல்ல முடியாது.

---

நெல்லைச்சீமை

ஏன் முடியாது? நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன், பிள்ளைகளுக்கு இதை நேரிலேயே காட்டியிருக்கிறேன். எல்லோரையும் ஒரே சொல்லைத் தேடச் சொல்வேன். ஒருத்தர் திரை மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காது. வகுப்பே வாயைப் பிளக்கும். ஐந்து நிமிடத்தில் இதைவிடச் சிறந்த டெமோ கிடையாது மேடம். இதைச் செய்துவிட்டு உட்கார்ந்துவிடுங்கள்.

---

தரவுக்காரன்

அண்ணாச்சி, டெமோ நல்ல டெமோதான். ஆனால் அது காட்டுவது நீங்கள் நினைப்பதை அல்ல. அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். இரண்டு ஃபோனை ஒரே மேஜையில் வையுங்கள், ஒரே வைஃபை, இரண்டிலும் இன்காக்னிட்டோ. மூன்று எண்ணி ஒரே நேரத்தில் தேடுங்கள். யாருடைய பழக்கமும் தெரியாத அந்த இரண்டு திரையிலும்கூட ஒன்றிரண்டு முடிவு மாறி வரக்கூடும். கூகிளுக்குப் பல சர்வர், எப்போதும் ஏதாவது ஒரு சோதனை ஓடிக்கொண்டிருக்கும். அது வெறும் இரைச்சல். அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் ஆளுக்கு ஏற்ற மாற்றம்.

2013இல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதையே முறைப்படி செய்தார்கள். 200 பேரின் சொந்தக் கணக்கில் தேடி, ஒவ்வொரு தேடலோடும் பழக்கமே இல்லாத கணக்குகளில் அதே நேரம் தேடி, இரைச்சலைக் கழித்தார்கள். சராசரியாக 11.7 சதவீத முடிவுகளில்தான் ஆளுக்கு ஏற்ற மாற்றம் இருந்தது. அதற்கும் முக்கியக் காரணம், கணக்கில் உள்நுழைந்திருப்பதும் எந்த ஊரிலிருந்து தேடுகிறோம் என்பதும். "பிரியாணிக் கடை" என்று தேடினால் திருநெல்வேலியில் இருப்பவருக்கு திருநெல்வேலிக் கடைதானே வர வேண்டும்? அதைக் குமிழி என்று யாரும் சொல்லமாட்டோம்.

---

நெல்லைச்சீமை

இன்காக்னிட்டோவில் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது முடிவும் ஐந்தாவது முடிவும் இடம் மாறித்தான் வந்தது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபேஸ்புக் கதை வேறு. அங்கே அல்காரிதம்தான் எல்லாம்.

---

அடுப்பங்கரை

நான் படிப்பாளி இல்லை, வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் 43 பேர். சித்தப்பா ஒரு கஷாயத்தை ஃபார்வர்ட் பண்ணினார், நாற்பது நாள் குடித்தால் சர்க்கரை மாத்திரையே வேண்டாம் என்று. என் நாத்தனார் மகள் எம்.பி.பி.எஸ். முடித்தவள். "மாமா, இதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீங்க, ஆபத்து" என்று பணிவாகத்தான் போட்டாள். ஐந்து நிமிடத்தில் ஒருத்தர், "டாக்டர்கள் எல்லாம் மருந்துக் கம்பெனி ஆளுங்க, அப்படித்தான் சொல்வாங்க" என்றார். அதற்குக் கீழே பதினோரு கும்பிடு கை. அவள் அன்றைக்கு ராத்திரியே குரூப்பை விட்டுப் போய்விட்டாள். சித்தப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார், கால் புண் ஆறாமல் இப்போதுதான் திரும்ப ஆரம்பித்திருக்கிறார்.

இதையும் அல்காரிதம்தான் செய்ததா?

---

தரவுக்காரன்

அம்மா, நான் நாலு பத்தியில் சொல்ல முயன்றதை நீங்கள் ஒரு குரூப்பில் காட்டிவிட்டீர்கள். உங்கள் கேள்விக்குப் பதில்: இல்லை. குடும்ப குரூப்பில் எந்தச் செய்தியை மேலே வைப்பது, எதை ஒளிப்பது என்று தீர்மானிக்கும் அல்காரிதம் கிடையாது. போட்ட வரிசையில் 43 பேருக்கும் எல்லாமே போகிறது. டாக்டர் பெண்ணின் பதிலையும் எல்லோரும் பார்த்தார்கள். அதனால் அங்கே குமிழி இல்லை, எக்கோ சேம்பர் மட்டும் இருக்கிறது. "அப்படித்தான் சொல்வாங்க" என்ற இரண்டு சொல் அதன் பூட்டு. அவள் சொல்வதை மறுக்கவே வேண்டாம், சொல்பவளை மறுத்தால் போதும். அப்புறம் அவள் வெளியேறியதும் அந்தப் பக்கக் குரல் நிஜமாகவே இல்லாமல் போகிறது. சேம்பர் ஒரு குமிழியையும் கூடவே உண்டாக்கிவிட்டது.

செம்பருத்தி, அம்மா அனுமதித்தால் உரையை இங்கிருந்து தொடங்குங்கள்.

---

அடுப்பங்கரை

தாராளமாகச் சொல்லுங்கள். சித்தப்பா என்று போடாமல் "ஒரு பெரியவர்" என்று போடுங்கள் போதும்.

---

தரவுக்காரன்

நெல்லை அண்ணாச்சியின் ஃபேஸ்புக் கேள்விக்கு வருகிறேன். 2015 மே மாதம் சயின்ஸ் இதழில் ஃபேஸ்புக் ஆய்வாளர்களே எழுதிய கட்டுரை. அமெரிக்காவில் தங்கள் அரசியல் சாய்வைப் புரொஃபைலில் எழுதி வைத்திருந்த 1 கோடியே 1 லட்சம் பேரின் கணக்கைப் பார்த்தார்கள். அங்கே லிபரல், கன்சர்வேட்டிவ் என்று இரண்டு அரசியல் தரப்பு. லிபரல் தரப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பகிரப்பட்ட அரசியல் செய்திகளை எல்லாம் ஒரு பானையில் போட்டுக் குலுக்கி எடுத்துக் கொடுத்தால், லிபரல் ஒருவருக்கு 100இல் 45 எதிர்த்தரப்புச் செய்தியாக இருக்கும். ஆனால் அவருக்கு வருவது நண்பர்கள் பகிர்ந்தது. அதில் எதிர்த்தரப்பு 24தான். அதன் பிறகு ஃபீடை வரிசைப்படுத்தும் அல்காரிதம், எதிர்த்தரப்புச் செய்தி கண்ணில் படும் வாய்ப்பை இன்னும் 8 சதவீதம் குறைத்தது.

---

நெல்லைச்சீமை

24இல் 8 போனால் 16. மூன்றில் ஒரு பங்கு! நான் சொன்னது சரிதானே?

---

தரவுக்காரன்

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 24இலிருந்து 8ஐக் கழிக்கக் கூடாது, 24இல் 8 சதவீதத்தைக் கழிக்க வேண்டும். கிட்டத்தட்ட 2. ஆக 45 முதலில் 24 ஆனது, பிறகு 22 ஆனது. முதல் படியில் 21 போனது நாம் யாரை நண்பராக வைத்திருக்கிறோம் என்பதால். இரண்டாவது படியில் 2 போனது அல்காரிதத்தால்.

ஆனால் இதை ஃபேஸ்புக்குக்கு நற்சான்றிதழாகவும் படிக்கக் கூடாது. அந்தக் கட்டுரை, அல்காரிதத்தைவிட ஆட்கள் தாங்களே எதைக் கிளிக் செய்கிறார்கள் என்பதுதான் பெரிய காரணம் என்ற தொனியில் முடிந்தது. கன்சர்வேட்டிவ் தரப்புக்கு அது பொருந்துகிறது: அல்காரிதம் குறைத்தது 5 சதவீதம், கிளிக் குறைத்தது 17. லிபரல் தரப்புக்குப் பொருந்தவில்லை: அல்காரிதம் 8, கிளிக் 6. அதோடு அரசியல் சாய்வைப் புரொஃபைலில் எழுதி வைப்பவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. நண்பர்களையே "இவரை உங்களுக்குத் தெரியுமா" என்று காட்டிச் சேர்த்து வைப்பதும் அதே கம்பெனிதான். அதனால் 21 முழுக்க நம் தேர்வு என்றும் சொல்லிவிட முடியாது.

---

இரண்டாமாண்டு

நான் ஒரு மாணவன், பேசலாமா? எங்கள் வகுப்பில் யாரும் ஃபேஸ்புக் பார்ப்பதில்லை, எல்லாம் ரீல்ஸ்தான். ரீல்ஸில் நண்பர்கள் போட்டது எங்கே வருகிறது? முக்கால்வாசி முன்பின் தெரியாதவர்கள். 2015ஆம் வருட அமெரிக்கக் கணக்கைச் சொன்னால் முதல் நிமிடத்திலேயே ஃபோனை எடுத்துவிடுவோம் மேடம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

---

தரவுக்காரன்

தம்பி கேட்டது சரியான கேள்வி. அந்தக் கணக்கில் முதல் வடிகட்டி நண்பர்கள், இரண்டாவதுதான் அல்காரிதம். ரீல்ஸில் முதல் வடிகட்டி ஏறக்குறைய இல்லவே இல்லை. அதனால் 21க்கு 2 என்ற விகிதத்தை அப்படியே அங்கே தூக்கிப்போட முடியாது. அல்காரிதத்தின் பங்கு அங்கே அதிகமாகவே இருக்கும் என்று நான் நினைக்கிறேன், ஆனால் அது என் ஊகம். உரையில் அந்த எண்ணைச் சொன்னால், நண்பர்களை வைத்து ஓடிய ஃபீடுக்கு உரியது என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். 2020 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, ஒப்புதல் கொடுத்த 23,377 ஃபேஸ்புக் பயனர்களில் ஒரு பகுதியினருக்கு, ஒத்த கருத்துள்ளவர்களின் பதிவுகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் காட்டினார்கள். மூன்று மாதம் கழித்து எட்டு வகையான அரசியல் மனப்பாங்கை அளந்தார்கள். எதிலும் அளக்கக்கூடிய மாற்றம் இல்லை. 2023இல் நேச்சர் இதழில் வந்தது.

---

செம்பருத்தி

அப்படியானால் என் கடைசி வரி "மாற்றுக் கருத்துள்ளவர்களைப் பின்தொடருங்கள்" என்பதும் போய்விடுமா? அதை நம்பித்தான் முழு உரையையும் கட்டியிருந்தேன்.

---

தரவுக்காரன்

அப்படியே சொல்லாதீர்கள். 2018இல் கிறிஸ் பெய்ல் குழு வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ட்விட்டரில் எதிர்த்தரப்புப் பதிவுகளை ரீட்வீட் செய்யும் ஒரு தானியங்கிக் கணக்கை ஒரு மாதம் பின்தொடர ஆட்களுக்கு 11 டாலர் கொடுத்தார்கள். குடியரசுக் கட்சிக்காரர்கள் மாதக் கடைசியில் முன்பைவிட அதிகக் கன்சர்வேட்டிவ் ஆனார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்களிடம் லேசான நகர்வு, அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற அளவில்தான். எதிர்த்தரப்பின் உரத்த குரலைக் காதில் ஊற்றுவதால் மனம் திறந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

---

தொலைதூரவாசி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 2020 ஆய்வுகளில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. தேர்தல் முடிந்ததும் ஃபேஸ்புக் அவசர நடவடிக்கையாகத் தன் ஃபீடின் விதிகளையே மாற்றியது. நம்பத்தகாத செய்தித் தளங்கள் அந்த நாட்களில் குறைவாகத் தெரிந்தன என்று 2024இல் சயின்ஸிலேயே வேறு ஆய்வாளர்கள் கடிதமாக எழுதினார்கள். சோதனை நடக்கும்போதே ஃபீடை மாற்றினால், சாதாரண நாளின் அல்காரிதத்தைத்தான் அளந்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

---

தரவுக்காரன்

நியாயம். அந்தக் கடிதம் குறிவைத்தது கால வரிசை ஃபீடைச் சோதித்த இன்னொரு கட்டுரையை. ஆனால் காலம் ஒன்றுதான், சந்தேகம் இதன்மேலும் விழுகிறது. மூன்று மாதம் என்பதும் குறைவு. பத்து வருடமாக ஊறியது மூன்று மாதத்தில் மாறவில்லை என்றால், அந்தப் பத்து வருடம் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகாது. நான் "பாதிப்பே இல்லை" என்ற கட்சி இல்லை. ஃபீடைத் திருத்தினால் எல்லாம் சரியாகும் என்பதை மட்டும்தான் மறுக்கிறேன். அதில் நீங்களும் என்னோடு உடன்படுவீர்கள் என்று நினைக்கிறேன்.

---

தொலைதூரவாசி

முழுக்க ஏற்கவில்லை. ஃபீடை எழுதுபவர்களே தரவையும் வைத்திருக்கும் வரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஐந்து நிமிட உரைக்கு இந்தச் சண்டை வேண்டாம்.

---

செம்பருத்தி

இரண்டு நாள் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். நிதானமாகப் பேசினால் எனக்கு நிமிடத்துக்குச் சுமார் 60 சொல். கேள்விக்குப் பிறகு சும்மா நிற்கும் நேரமும் வேண்டும். அதனால் 200 சொல்லைத் தாண்டாமல் நிறுத்தப் பார்த்தேன்.

"ஒரு குடும்ப வாட்ஸாப் குரூப். 43 பேர். ஒரு பெரியவர், சர்க்கரைக்கு மாத்திரை வேண்டாம், இந்தக் கஷாயம் போதும் என்று அனுப்புகிறார். அந்தக் குடும்பத்தின் டாக்டர் பெண், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று பதில் போடுகிறாள். உடனே ஒருவர் எழுதுகிறார்: 'டாக்டர்கள் அப்படித்தான் சொல்வாங்க.' அவள் குரூப்பை விட்டுப் போய்விடுகிறாள். பெரியவர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்.

ஒரு கேள்வி. அந்த 43 பேருக்கும் டாக்டர் சொன்னது தெரியுமா, தெரியாதா? (பத்து நொடி நிற்க வேண்டும்.)

தெரியும். எல்லோரும் படித்தார்கள். படித்தும் நம்பவில்லை. மறுபக்கக் குரலை நம்பாதே என்று பழக்கி வைத்திருக்கும் இந்த இடத்துக்குப் பெயர் எக்கோ சேம்பர். மறுபக்கக் குரல் வந்தே சேராமல் போனால் அது ஃபில்டர் பப்பிள்.

பப்பிளை யார் செய்கிறார்கள்? நண்பர்களை வைத்து ஓடிய 2015 ஃபேஸ்புக் ஃபீடைப் பார்ப்போம். அமெரிக்காவில் லிபரல் ஒருவருக்கு, குலுக்கிக் கொடுத்தால் 100 செய்தியில் 45 எதிர்த்தரப்பு. அவருடைய நண்பர்கள் பகிர்ந்ததில் 24. அல்காரிதம் வரிசைப்படுத்திய பின் 22. (கரும்பலகையில் மூன்று எண்ணையும் எழுத வேண்டும்.) எந்த இடத்தில் அதிகம் விழுந்தது என்று நீங்களே பாருங்கள். இது ரீல்ஸுக்குப் பொருந்துமா? தெரியாது. ரீல்ஸில் நண்பர்கள் என்ற படியே கிட்டத்தட்ட இல்லை.

சரி, எதிர்த்தரப்பைக் காட்டிவிட்டால் மாறிவிடுவார்களா? ட்விட்டரில் ஒரு மாதம் காட்டிப் பார்த்தார்கள். ஒரு தரப்பினர் தங்கள் கருத்தில் இன்னும் இறுகினார்கள்.

இன்று மாலை உங்கள் ஃபோனில் ஒன்றைத் தேடுங்கள். கடைசியாக எந்தச் செய்தியை, அது என்ன சொல்கிறது என்பதால் இல்லாமல், யார் சொன்னார் என்பதற்காக மட்டும் ஒதுக்கினீர்கள்? அதை நாளை எழுதிக் கொண்டு வாருங்கள்."

---

தரவுக்காரன்

நன்றாக வந்திருக்கிறது. ஒரே திருத்தம். கடைசிக் கேள்வியில், ஆளைப் பார்த்து ஒதுக்குவது எப்போதுமே தவறு என்று மாணவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. பலமுறை பொய் சொல்லிப் பிடிபட்டவரை ஒதுக்குவது புத்திசாலித்தனம். "அவர் முன்பு பொய் சொன்னதை நானே பார்த்தேனா, அல்லது யாராவது எனக்குச் சொன்னார்களா?" என்று ஒரு வரி சேருங்கள். டாக்டர் பெண் பொய் சொன்னதை அந்தக் குரூப்பில் ஒருவரும் பார்த்ததில்லை.

---

இரண்டாமாண்டு

மேடம், இப்போது ஃபோனை எடுக்கமாட்டோம். ஒரு சந்தேகம் மட்டும். எங்கள் ஹாஸ்டலில் ஆறு பேர் இருக்கிறோம். ஒரே நேரத்தில் புதுக் கணக்கு திறந்து, ஆளுக்கொரு விதமாக ஒரு வாரம் ரீல்ஸ் பார்த்து எண்ணினால் ஏதாவது தெரியுமா?

---

தரவுக்காரன்

தெரியும். ஆனால் ஆளுக்கொரு விதமாகப் பார்க்காதீர்கள். மூன்று ஜோடியாகப் பிரியுங்கள். ஜோடியில் இருவரும் அச்சு அசலாக ஒரே மாதிரி பார்க்க வேண்டும். ஜோடிக்குள் வரும் வித்தியாசம் இரைச்சல், அதைக் கழித்துவிட்டு ஜோடிகளுக்கு இடையே எண்ணுங்கள். ஒரே வைஃபையில் செய்யுங்கள். ஆறு ஃபோன் மிகக் குறைவு, அதனால் சதவீதம் போடாமல் எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். எண்ணியதை இங்கே போடுங்கள், பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

---

செம்பருத்தி

அந்த வரியைச் சேர்த்து ஸ்டாப் வாட்ச் வைத்துப் படித்தேன். 5 நிமிடம் 20 நொடி. கரும்பலகையில் எழுதுகிற நேரத்தையும் சேர்த்து. ட்விட்டர் பத்தியை எடுத்தால் சரியாக வரும், ஆனால் எடுக்க மனமில்லை. ரீல்ஸ் வரியை எடுத்தால் தம்பி விடமாட்டார். யூட்யூப் வெறும் பக்கத்தைக் காட்டும் யோசனையைத்தான் விட வேண்டியிருக்கிறது, கணினிக்கனி மன்னிக்கவும். மீதி 20 நொடிக்கு இன்னும் வழி தெரியவில்லை.

---

அடுப்பங்கரை

கஷாயக் கதையைச் சுருக்குங்கள் மா. "கஷாயம் போதும் என்று அனுப்புகிறார்" என்றாலே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். அவரவர் வீட்டிலும் ஒரு குரூப் இருக்கிறதே. அப்புறம் ஒரு தகவல், நாத்தனார் மகளை நேற்று நானே திரும்ப குரூப்பில் சேர்த்தேன். இன்னும் ஒன்றும் எழுதவில்லை அவள்.